பூத்துக் குலுங்கியும் பிஞ்சு நிற்காத மாமரம்: சுங்கை சிப்புட் வீட்டு வாசலில் ஒரு நிகழ்வு ஆய்வு

எனக்கு வந்த படத்தில் இருப்பது பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் வீட்டு வாசல் மாமரம். தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்து வீடு வாங்கிய ஆண்டில் நட்ட சொக்கானான் ஒட்டுக்கன்று, இப்போது வீட்டுக் கூரையைத் தாண்டி வளர்ந்து நிற்கிறது. படம் மார்ச் மாதத் தொடக்கத்தில் எடுத்தது. மரத்தில் இலையை விடப் பூதான் அதிகம். கிளை நுனி ஒவ்வொன்றிலும் ஒரு முழ நீளத்துக்குப் பூங்கொத்து.

படத்தை அனுப்பிய அக்கா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். பழமரம் பார்ப்பதுதான் என் வேலை என்பதால் என்னிடம் கேட்டார். "தம்பி, வருஷா வருஷம் இப்படித்தான் பூக்குது. பட்டாணி அளவு, கோலிக்குண்டு அளவு வந்ததும் எல்லாம் கொட்டிடுது. போன வருஷம் ஒரு கூடைகூட தேறல. என்ன உரம் போடணும்?"

உரத்தைப் பற்றிப் பேசுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டியிருந்தது. மாமரம் பிஞ்சு கொட்டுவது இயல்பு. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருக்கும், சில வகைகளில் ஆயிரத்தையும் தாண்டும். அதில் பெரும்பகுதி ஆண் பூ. மீதிதான் இருபால் பூ. நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு இளம்பச்சை உருண்டை தெரிந்தால் அது இருபால் பூ. அந்த உருண்டைதான் பிஞ்சாகிறது. அதிலும் மகரந்தம் சேராதவை முதல் சில நாட்களிலேயே உதிரும். சேர்ந்தவற்றிலும் மரம் தன்னால் தாங்க முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். கடைசியில் ஒரு கொத்துக்கு ஒரு காய், இரண்டு காய் நின்றாலே அது நல்ல விளைச்சல்தான். பல கொத்துகளில் ஒன்றும் நிற்காமல் போவதும் உண்டு.

ஆகவே "பிஞ்சு கொட்டுகிறது" என்பது மட்டுமே நோய்க்கு அடையாளம் ஆகாது. கொட்டி முடித்த பிறகு என்ன மிஞ்சுகிறது, கொட்டிய பிஞ்சும் அதன் காம்பும் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும். தூரத்தில் நின்று எடுத்த படத்தில் அது எதுவும் தெரியவில்லை. பூ எவ்வளவு என்பது மட்டும்தான் தெரிந்தது.

அந்தப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று விஷயம் கண்ணில் பட்டது. உச்சியில் சில கிளைகள் பூவோடு சேர்த்து செம்பு நிறத்தில் புதுத் துளிரும் விட்டிருந்தன. மரத்தின் உள்பக்கம் இருட்டாக, கிளைமேல் கிளையாக அடைந்து கிடந்தது. அதற்குள் போன வருஷத்துப் பூக்காம்புகள் காய்ந்து கறுத்து அப்படியே தொங்கின. மூன்றாவதாக, படத்தின் இடது ஓரத்தில் ஒரு கிளை கார் நிறுத்தும் தகரக் கொட்டகைக்குள் நுழைந்திருந்தது. அதில் பாதி படத்தில் விழவே இல்லை. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, குறித்து மட்டும் வைத்தேன்.

அக்காவிடம் இன்னும் மூன்று படம் கேட்டேன். ஒரு பூங்கொத்துக்குப் பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்து, காம்பு தெளிவாகத் தெரியும்படி ஒன்று. அன்று காலையில் விழுந்த பிஞ்சுகளைப் பொறுக்கிப் பழைய நாளிதழில் பரப்பி ஒன்று. பூவுக்கு அடியில் இருக்கும் இலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் தெரிய ஒன்று. கூடவே, பூ விரிந்த பிறகு மழை எப்படி என்றும் கேட்டேன்.

மழையைப் பற்றிய பதில்தான் முதலில் வந்தது. ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் நல்ல வெயில். பூ விரிய ஆரம்பித்ததும் மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும். சில நாள் ராத்திரி வரைக்கும் தூறல் விடவில்லை.

பேராக்கின் உள்பகுதிகளில் இது வழக்கமாக நடப்பதுதான். மாமரம் பூக்க ஒரு வறட்சி தேவை. சில வாரங்கள் மண் காய்ந்து, துளிர் விடுவது நின்றால்தான் மொட்டு பூவாகத் திரும்பும். பெர்லிஸில் ஹாரும் மானிஸ் மாம்பழம் அவ்வளவு பேர் வாங்கியதற்கு, ஆண்டுத் தொடக்கத்தில் அங்கே அடிக்கும் நீண்ட வெயில் ஒரு பெரிய காரணம். மரம் பூப்பதும் பிஞ்சு பிடிப்பதும் அந்தக் காய்ந்த நாட்களுக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும். சுங்கை சிப்புட்டில் ஆண்டுத் தொடக்கத்து வெயில் அதைவிடக் குட்டையானது. பூவை வரவழைக்க அது போதும், ஆனால் பூ விரிந்து பிஞ்சாகும் நேரத்தில் மார்ச், ஏப்ரல் மாத இடிமழை வந்துவிடுகிறது. மரம் ஏமாந்து பூக்கவில்லை. அதற்குத் தேவையான அறிகுறி கிடைத்தது, பூத்தது. அடுத்த கட்டத்தில்தான் சிக்கல்.

அப்புறம் படங்கள் வந்தன. பூங்கொத்துப் படம் நிறையவே சொன்னது. நல்ல கொத்தின் நடுக்காம்பு வெளிர் பச்சையாகவோ இளஞ்சிவப்பு ஏறியோ பளிச்சென்று இருக்கும். இதில் காம்பு நெடுகக் கறுப்புப் புள்ளிகள். சில இடங்களில் புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து நீளவாக்கில் கோடாக ஓடியிருந்தன. கோடு ஒரு கிளைக்காம்பைச் சுற்றி வளைத்த இடத்துக்கு அப்பால் இருந்த பூ எல்லாம் காய்ந்து பழுப்பாகி, உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று பிஞ்சு இன்னும் கொத்தில் இருந்தது. அவற்றில் ஒன்றின் தோளில் ஊசிமுனை அளவில் கறுப்புக் குழிகள்.

நாளிதழில் பரப்பிய பிஞ்சுகள் இரண்டு விதமாகப் பிரிந்தன. மிளகு அளவில் மஞ்சளாகி வெளிறியவை ஒரு விதம். இவை மரம் தானாகக் கழித்தவை, காம்பு பிரிந்த இடம் சுத்தமாக இருந்தது. இவற்றைப் பற்றிக் கவலை இல்லை. இன்னொரு விதம் கோலிக்குண்டு அளவு வரை வளர்ந்தவை. உடம்பு நல்ல பச்சை, ஆனால் காம்போடு சேர்ந்தே விழுந்திருந்தன, அந்தக் காம்பு கறுத்திருந்தது. அக்காவை அவற்றில் சிலவற்றை பிளேடால் நீளவாக்கில் வெட்டிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே விதை வெள்ளையாக, பழுதில்லாமல் இருந்தது. மகரந்தம் சேராமலோ கரு பாதியில் செத்தோ விழுந்த பிஞ்சாக இருந்தால் விதை சுருங்கிப் பழுப்பாகியிருக்கும். இங்கே பிஞ்சுக்குள் உயிர் இருந்தது. அதைத் தாங்கிய காம்புதான் செத்துப் போயிருந்தது.

இதைப் பார்த்ததுமே ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயாக இருக்கும் என்று தோன்றியது. மழைக்காலத்தில் பூக்கும் மாமரத்தை உலகம் முழுக்க வாட்டும் நோய் இது. பழுத்த பழத்தில் கறுப்புத் திட்டுத் திட்டாக வருவதும் இதே பூஞ்சைதான். ஆனால் காம்பு கறுப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. பூங்கொத்தில் தத்துப்பூச்சி கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சினாலும் பூ காய்ந்து கொட்டும். அதன் கழிவு தேன்போல இலையில் வடிந்து, அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து எல்லாம் கறுப்பாகத் தெரியும். படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கையில் தொட்டால் வித்தியாசம் உடனே தெரியும். கரும்பூசணம் ஈரத் துணியால் துடைத்தால் அடுப்புக் கரிபோல வந்துவிடும், அடியில் பச்சை தெரியும். ஆந்த்ராக்னோஸ் கறுப்பு துடைத்தால் போகாது, அது காம்பின் சதைக்குள் இருக்கிறது.

அக்கா துடைத்துப் பார்த்தார். காம்பில் இருந்த கறுப்பு போகவில்லை. கீழ் இலைகள் சிலவற்றில் லேசாகக் கரி வந்தது. பூங்கொத்தை வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்துத் தட்டச் சொன்னேன். சில தத்துப்பூச்சிகள் தெறித்து ஓடின, ஆனால் கூட்டம் என்று சொல்லும்படி இல்லை. பூச்சி பெருகிய மரத்துக்கு அடியில் போனாலே முகத்தில் வந்து மோதும், பூங்கொத்தில் சடசடவென்று சத்தம் கேட்கும். அந்த நிலை இங்கே இல்லை. சாம்பல் நோயா என்றும் பார்த்தோம். அது வந்திருந்தால் பூ மேல் மாவு தூவியதுபோல வெள்ளை படிந்திருக்கும். அது மழை பெய்யாத, ராத்திரி குளிரும் பருவத்தில் வருவது. இங்கே வெள்ளை எதுவும் இல்லை.

உறுதி செய்ய வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. கறுத்த காம்பில் விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்த டிஷ்யூ தாளின் மேல் வைத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். ஆந்த்ராக்னோஸ் என்றால் கறுப்பின் மேல் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் பிசுபிசுப்பாகச் சின்னச் சின்னத் துளிகள் எழும்பும். அவைதான் பூஞ்சையின் வித்துகள். அக்கா அனுப்பிய படத்தில் அந்தத் துளிகள் தெளிவாகவே இருந்தன.

இதற்கிடையில் அந்தத் தகரக் கொட்டகைக் கிளை என் நினைவுக்கு வந்தது. "அக்கா, போர்ச் உள்ளுக்கு ஒரு கிளை போகுதே, அதுல பிஞ்சு எப்படி?" என்று கேட்டேன். பதிலுக்கு வந்த படம் இந்த ஆய்வின் முக்கியமான சான்று என்று நினைக்கிறேன். கூரைக்கு அடியில் இருந்த கொத்துகளில் காம்பு பச்சையாகவே இருந்தது. ஒவ்வொரு கொத்திலும் மூன்று, நான்கு, சிலவற்றில் அதற்கும் மேல் பிஞ்சு, கோலிக்குண்டு அளவைத் தாண்டி நின்றன. அதே கிளையில் கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கொத்துகள் கறுத்திருந்தன.

இதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரே மரம், ஒரே வேர், ஒரே மண். வேருக்குப் போன உரமும் தண்ணீரும் இரண்டு பக்கத்துக்கும் பொது. உரக்குறையோ வேர்க்கோளாறோ முதல் காரணமாக இருந்தால், கூரைக்கு அடியில் இருக்கும் கொத்தும் பிஞ்சைத் தக்கவைத்திருக்காது. மகரந்தச் சேர்க்கையும் அப்படித்தான். மாம்பூவுக்கு வேலை செய்பவை பெரும்பாலும் ஈக்கள். வீட்டு ஈ, பச்சை ஈ மாதிரியானவை. அவை கூரைக்கு அடியிலும் வந்திருக்கின்றன என்பதற்கு அந்தப் பிஞ்சுகளே சாட்சி. கொத்துகளின் வயதும் வேறு வேறல்ல, எல்லாம் ஒரே வாரத்தில் விரிந்தவை என்று அக்கா சொன்னார். இரண்டு பக்கத்துக்கும் மீதமிருக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: ஒன்றின் மேல் மழை விழவில்லை.

மழை இரண்டு விதத்தில் இந்தப் பூஞ்சைக்கு உதவுகிறது. முதலாவது, வித்துகளைக் கொண்டுவந்து சேர்ப்பது மழைத்துளிதான். வித்துகள் பிசுபிசுப்பானவை, காற்றில் சுலபமாகப் பறக்காது. போன வருஷத்துக் காய்ந்த காம்பு, செத்த குச்சி, புள்ளி விழுந்த பழைய இலை, இங்கெல்லாம் அவை தங்கியிருக்கும். மழை அதன் மேல் விழுந்து தெறிக்கும்போது கீழே இருக்கும் புதுப் பூவில் போய் ஒட்டும். படத்தில் உள்பக்கம் தொங்கிய அந்தக் கறுப்புக் காம்புகள்தான் இந்த மரத்தின் வித்துக் கிடங்கு. இரண்டாவது, ஒட்டிய வித்து முளைத்து உள்ளே நுழைய ஈரம் வேண்டும். காலை மழை வெயிலில் காய்ந்துவிடும். மாலையில் பெய்து ராத்திரி முழுக்கக் காயாமல் இருக்கும் ஈரம்தான் ஆபத்து. காற்று புகாமல் அடைந்த மரத்தில் விடிந்த பிறகும் அந்த ஈரம் நிற்கும். உள்கொத்துகள் வெளிக்கொத்துகளை விட மோசமாகக் கறுத்திருந்ததற்கு இதுதான் காரணம்.

இனி உரக் கதை. அக்கா வீட்டில் உரம் போடாமல் இல்லை. தோட்டத்தில் வேலை செய்த பழக்கம், பிஞ்சு கொட்டினால் மரத்துக்குப் பசி என்று நினைத்து, பூக்கும் நேரத்தில் யூரியாவைச் சுற்றிலும் தூவியிருக்கிறார்கள். போன ஆண்டும் அப்படியே. தழைச்சத்து மட்டும் கிடைத்து மழையும் சேர்ந்தால் மாமரம் துளிர்விடும். துளிரும் பிஞ்சும் ஒரே கிளையின் சேமிப்பைத்தான் இழுக்கின்றன, பெரும்பாலும் துளிர்தான் ஜெயிக்கும். முதல் படத்தில் உச்சியில் தெரிந்த செம்பு நிறத் துளிருக்கு விளக்கம் இது. அந்த இளந்துளிரும் ஆந்த்ராக்னோஸுக்குப் பிடித்த இடம். அங்கே பெருகி மறுபடியும் கீழே தெறிக்கும். யூரியா இந்தப் பிரச்சினையை உண்டாக்கவில்லை, ஆனால் அதிகமாக்கியது.

"அப்போ போரான் போடலாமா? கடையில சொன்னாங்க" என்றார். போரான் குறைந்தால் பிஞ்சு பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறை இருந்தால் கூரைக்கு அடியில் இருக்கும் கொத்திலும் தெரிந்திருக்க வேண்டும். போரானில் தேவைக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி குறைவு, கொஞ்சம் கூடினாலும் இலை ஓரம் கருகும். இந்த மரத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தப் பருவத்துக்குச் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். கறுத்த காம்பு திரும்பப் பச்சையாகாது. கைக்கு எட்டும் கறுத்த கொத்துகளை வெட்டி, கீழே விழுந்ததையும் பொறுக்கிக் குப்பைப் பையில் கட்டிப் போடச் சொன்னேன். மரத்தடியிலேயே குவித்தால் பயன் இல்லை. யூரியாவை நிறுத்தச் சொன்னேன். கொட்டகைக்கு அடியில் நின்ற பிஞ்சுகள் முட்டை அளவு வந்ததும் காகிதப் பை கட்டினால் பழ ஈயிலிருந்தும் தப்பும்.

உண்மையான வேலை அறுவடைக்குப் பிறகுதான், ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ. மரத்தைக் கவாத்து செய்ய வேண்டும். முதலில் செத்த குச்சியும் தொங்கும் பழைய காம்புகளும், ஒன்று விடாமல். அடுத்து உள்ளே ஒன்றோடு ஒன்று உரசும் கிளைகள், நடுவில் நேராக மேலே போகும் ஒன்றிரண்டு தடித்த கிளைகள். மத்தியான நேரத்தில் மரத்தடியில் நின்றால் தரையில் வெயில் பொட்டுப் பொட்டாக விழ வேண்டும், அந்த அளவுக்குத் திறந்தால் போதும். ஒரே தடவையில் மரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது; வெட்டினால் அடுத்த வருஷம் முழுக்கத் துளிராகவே தள்ளும், பூவே வராது. உயரத்தை இரண்டு மூன்று ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். ஆகஸ்டுக்கு மேல் தள்ளிப் போடவும் கூடாது. வெட்டிய இடத்தில் வரும் துளிர் முற்றிக் கரும்பச்சையாக சில மாதம் வேண்டும். முற்றாத கிளை ஜனவரி வறட்சியில் பூக்காது. வெட்டியதை வாசலில் கொளுத்த வேண்டாம், மலேசியாவில் திறந்தவெளியில் எரிப்பது குற்றம்.

உரம் போடுவதாக இருந்தால் கவாத்து முடிந்த கையோடு, 12:12:17:2 என்று பையில் போட்டிருக்கும் நீலக் கலப்பு உரம் சரியாக இருக்கும். அதன் பிறகு, ஆண்டுக் கடைசியிலிருந்து பிஞ்சு நன்றாக நிற்கும் வரை தழைச்சத்து எதுவும் வேண்டாம்.

மருந்து கடைசியாகத்தான். பூமொட்டு விரல் நீளம் நீண்டதும் மேங்கோசெப் போன்ற காப்பு மருந்தை லிட்டருக்கு 2 கிராம் அளவில், டப்பாவில் வேறு அளவு எழுதியிருந்தால் அதன்படி, தெளிக்கலாம். மழை விடாத பருவத்தில் வாரம் ஒரு முறை, காய்ந்த நாட்களில் தேவையே இல்லை. இந்த மருந்து காம்பின் மேல் படிந்து வித்து முளைப்பதைத் தடுக்கும், உள்ளே போய்விட்ட பூஞ்சையைக் கொல்லாது. அதனால் மழைக்கு முன்பு அடித்தால்தான் பலன். பூ கறுத்ததைப் பார்த்த பிறகு அடிப்பது வீண் செலவு. ஈக்கள் பூவில் மொய்க்கும் காலை வேளையில் அடிக்காமல், காற்று அடங்கிய சாயங்காலத்தில், மழை வராது என்று தெரியும் நாளில் அடிக்க வேண்டும். பூச்சி மருந்தைச் சேர்த்துக் கலக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தத்துப்பூச்சி கூட்டமாக இல்லாத மரத்தில் அது ஈக்களைத்தான் கொல்லும். அப்புறம், முதுகில் மாட்டும் தெளிப்பான் கூரைக்கு மேல் இருக்கும் கொத்துக்கு எட்டாது. ஈர மரத்தில் ஏறித் தெளிக்க வேண்டாம் என்று அக்காவிடம் அழுத்திச் சொன்னேன். எட்டாத உயரத்துப் பூவை இந்த ஊர் மழையில் காப்பாற்ற முடியாது. மரத்தைத் தாழ்த்தச் சொல்வதே அதனால்தான்.

இவ்வளவு செய்தாலும் மார்ச் முழுக்க விடாமல் பெய்தால் கொஞ்சம் கொட்டத்தான் செய்யும். பலன் உண்டா என்று பார்க்க அக்காவுக்கு ஒரு வழி சொன்னேன். அடுத்த பூவில் கூரைக்கு அடியில் ஐந்து கொத்து, வெளியே ஐந்து கொத்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் கட்டி, காய் கோழிமுட்டை அளவு வந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்க வேண்டும். வெளியே இருக்கும் கொத்தின் கணக்கு கூரைக்கு அடியில் இருப்பதை நெருங்கினால் கவாத்து வேலை செய்திருக்கிறது. நெருங்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது உள்கிளைகளில் வெட்டாமல் விட்ட பழைய காம்புகளை.